மணியைத் திருப்பும்போது நடக்கும் தவறுகள்: குன்னூர் வீட்டு ஹாலிலிருந்து

எங்கள் குன்னூர் வீட்டு ஹாலில் இரண்டு சுவர்க் கடிகாரங்கள் உண்டு. பெரியது நம் நேரம். அதன் கீழே தொங்கும் சின்னது இங்கிலாந்தின் லீட்ஸ் நகர நேரம். மகளும் மாப்பிள்ளையும் இருப்பது அங்கே. நமக்கு மணியைத் திருப்பும் வேலையே கிடையாது. அந்தச் சின்னக் கடிகாரத்துக்குத்தான் ஆண்டுக்கு இரண்டு முறை அந்த வேலை.

பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே இழுப்பார்கள். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் ஐந்தரை. மாறும் நொடி இரண்டு முறையும் நம் கணக்கில் காலை 6.30. குன்னூரில் முதல் டீ ஆறும் நேரம்.

2025 அக்டோபர் 26 அப்படி ஒரு ஞாயிறு. மறந்துவிடுவேன் என்ற பயத்தில் முந்தின இரவே சின்னக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைத்துவிட்டேன். காலையில் மகள், "மணியை மாத்தியாச்சா?" என்று செய்தி அனுப்ப, என் மனைவி ஸ்டூல் போட்டு ஏறி இன்னொரு மணி நேரம் பின்னே தள்ளிவிட்டாள். மகள் தினமும் அங்கே மாலை 5 மணிக்கு அழைப்பாள். கோடையில் அது இங்கே இரவு 9.30, அன்றிலிருந்து 10.30. அன்று இரவு 10.30க்குச் சரியாக அழைத்தாள். சின்னக் கடிகாரம் 4 மணி காட்டியது. "என்னடி இவ்வளவு சீக்கிரம்?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

இந்தத் தவறு எல்லா வீட்டிலும் நடக்கும், ஏனென்றால் மறந்தவரைவிட நினைவு வைத்திருப்பவர்கள் அதிகம். கடிகாரத்தைத் தொடுமுன் போனில் அந்த ஊர் நேரத்தைப் பாருங்கள். சுவரில் இருப்பதும் அதுவும் ஒன்றாக இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். ஆனால் அந்தப் போனில் தேதியும் நேரமும் தானாக மாறும்படி வைத்திருக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது அதை அணைத்துவிட்டுக் கையால் நேரம் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் போனும் ஒரு சுவர்க் கடிகாரம்தான்.

அதற்கு முந்தின ஆண்டு அதே அக்டோபரில் நாங்களே லீட்ஸில் இருந்தோம். அங்கே வம்பு செய்தது சமையலறை ஓவன். நம் ஊரில் கரண்ட் போய் வந்தால் மைக்ரோவேவ் மணி கண்ணைச் சிமிட்டும், நாம் அப்படியே விட்டுவிடுவோம். அங்கே அந்தச் சுகம் இல்லை. மணியை மாற்றப் போன மாப்பிள்ளை பொத்தான் தவறி, சமையல் முடியும் நேரத்தை மாற்றிவிட்டார். மதியம் கோழியை உள்ளே வைத்தோம். விளக்கு எரிந்தது, சூடே ஏறவில்லை. ஆளைக் கூப்பிட வேண்டும் என்று அவர் புலம்பிக்கொண்டிருந்தபோது, திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு 'A' எரிவதைப் பார்த்தேன். தானியங்கி நிலையில் இருக்கிறது, வைத்த நேரம் வரும்வரை காத்திருக்கும் என்று அர்த்தம். கை படம் போட்ட பொத்தானை அழுத்தியதும் சூடானது. சில ஓவன்களில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்த வேண்டும். மணி வைத்த கையோடு ஒரு நிமிடம் சூடேற்றிப் பார்ப்பது நல்லது.

கார் வேறு மாதிரி. மாப்பிள்ளையின் காரில் நேரம் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது, கோடை நேரம் என்பதற்கு மட்டும் மெனுவில் தனி டிக். அவர் டிக்கைத் தொடாமல் மணியை மட்டும் குறைத்தார். வண்டியை அணைத்துத் திரும்ப எடுத்ததும் பழைய மணியே வந்து நின்றது. பேட்டரி கோளாறு என்று சந்தேகப்பட்டார்கள். டிக்கை எடுத்ததும் சரியாகிவிட்டது. பழைய காரில் இந்த மெனு இருக்காது, மணிப் பொத்தானை நேராக அழுத்தினால் போதும். உங்கள் காரில் திருத்தம் நிற்காமல் பழைய மணிக்கே திரும்பினால் முதலில் இந்த டிக்கைத் தேடுங்கள்.

அவர்கள் வீட்டில் மகள் பழைய பொருள் கடையில் வாங்கிய, மணியடிக்கும் பெண்டுலக் கடிகாரம் ஒன்றும் உண்டு. அதன் முள்ளைப் பின்னே திருப்பவே கூடாது. சில கடிகாரங்களில் அடிக்கும் எண்ணிக்கை முள்ளோடு ஒத்துப்போகாமல் போய்விடும், 4 மணிக்கு 7 முறை அடிக்கும். நான் பெண்டுலத்தை நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்துத் தட்டிவிட்டேன். மார்ச்சில் முன்னே தள்ளும்போது பெரிய முள்ளை மெதுவாகச் சுற்றி, அரை மணியிலும் முழு மணியிலும் அது அடித்து முடிக்கும்வரை நிறுத்த வேண்டும்.

நாங்கள் திரும்பும்போது மாப்பிள்ளை, "மாமா, இது தானே மாறிக்கும்" என்று ஒரு ரேடியோ கடிகாரம் கொடுத்தனுப்பினார். இங்கிலாந்தின் ஆந்தோர்னிலிருந்து வரும் சிக்னலைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் கடிகாரம் அது. குன்னூர் வரைக்கும் அந்தச் சிக்னல் எட்டாது. இப்போது ஹாலில் சின்னதாகத் தொங்குவது அதுதான், ஸ்டூல் போட்டு ஏறித்தான் மாற்றுகிறோம்.