படுக்கப்போட்ட ஒயின் ஏன் கெட்டுப்போகிறது?

ஒயின் பாட்டிலைப் படுக்கப்போட வேண்டும் என்பது பலருக்கும் தெரிந்திருக்கிறது. எதற்காக என்பது தெரிவதில்லை. அதனால்தான் விலை கொடுத்து வாங்கிய பாட்டிலை முறையாகப் படுக்கப்போட்டு, கொண்டுபோய்ப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள்.

கார்க் என்பது ஓக் வகை மரமொன்றின் பட்டை. சுமார் 24 மி.மீ. விட்டமுள்ள துண்டை, 18.5 மி.மீ. அளவே உள்ள பாட்டில் வாய்க்குள் நெருக்கி இறக்கியிருப்பார்கள். அது மறுபடி விரியப் பார்க்கும் அழுத்தம்தான் காற்றை உள்ளே விடாமல் தடுக்கிறது. வறண்ட இடத்தில், முக்கியமாக ஏசி ஓடிக்கொண்டே இருக்கும் அறையில், வருடக்கணக்கில் நிற்கவைத்தால் கார்க் காய்ந்து சுருங்கும், பிடி தளரும், திறக்கும்போது பொடிப்பொடியாக உதிரும். படுத்திருந்தால் ஒயினே கார்க்கின் அடியை நனைத்துக்கொண்டிருக்கும். படுக்கப்போடுவதன் பயன் இவ்வளவுதான். மூன்று நான்கு மாதத்தில் குடித்துவிடப்போகிற பாட்டில் நின்றால் ஒன்றும் ஆகாது. திருகுமூடி போட்ட பாட்டிலைப் படுக்கவைக்க அவசியமே இல்லை. நாசிக் ஒயின்களில் பலவும் இந்த ரகம்தான். வாங்கியதும் முதலில் மூடியைப் பாருங்கள்.

பெரிய தவறு சூட்டில்தான் நடக்கிறது. ஒயினை நெடுநாள் வைக்க உகந்தது 12, 13 டிகிரி செல்சியஸ். சென்னை அடுக்குமாடியின் மேல்தளத்தில், காங்கிரீட் கூரையை ஒட்டிய பரணில், மே மாதப் பகலில் 40 டிகிரியைத் தொடுவது சாதாரணம். 20 டிகிரியில் இருந்த 750 மி.லி. ஒயின் 40 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறக்குறைய 5 மி.லி. விரிகிறது. கார்க்குக்கும் ஒயினுக்கும் நடுவே விட்டிருக்கும் காற்று இடமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அங்கிருக்கும் காற்று நசுங்கி, கார்க்கை மேலே தள்ளும். ஓரமாக ஒயினும் கசியும். இரவில் குளிர்ந்து ஒயின் சுருங்கும்போது, அதே வழியில் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். தினமும் இப்படி நடந்தால் பாட்டில் மூச்சு விடுவது மாதிரிதான். ஒரு கோடை முடிவதற்குள் பழவாசனை போய், ஜாமைக் காய்ச்சியது போன்ற வாடை வந்துவிடும்.

சமையலறை அலமாரி, ஃபிரிட்ஜின் தலை, வெயில் படும் மேற்குச் சுவர், காருக்குள் டிக்கி எல்லாம் இதே கணக்கில் சேரும். வீட்டில் ஏற்ற இடம் உள்ளறை அலமாரியின் அடித்தட்டு, தரையை ஒட்டி. மூடியுள்ள தெர்மோகோல் பெட்டிக்குள் பாட்டிலைக் கிடத்தினால் சராசரி சூடு குறையாது. ஆனால் பகலுக்கும் இரவுக்கும் உள்ள ஏற்ற இறக்கம் நன்றாகக் குறையும். கோடை மூன்று மாதமும் வீட்டு ஃபிரிட்ஜின் காய்கறி டிரேயில் வைப்பது பரணைவிட எவ்வளவோ மேல். ஃபிரிட்ஜ் 4 டிகிரி, காற்றும் வறண்டது என்பதால் வருடக்கணக்கில் அங்கேயே விட்டுவிடக் கூடாது. ஐந்து பத்து வருடம் பாதுகாக்க நினைத்தால் 12 டிகிரியில் ஓடும் ஒயின் ஃபிரிட்ஜ்தான் வழி. இங்குள்ள வெயிலுக்கு வேறு எதுவும் ஈடாகாது.

வெளிச்சமும் சேதம் செய்யும், அதுவும் சூடே இல்லாமல். சூரிய ஒளியிலும் டியூப்லைட்டிலும் உள்ள புற ஊதா, நீலக் கதிர்கள் ஒயினில் இயல்பாக இருக்கும் ரைபோஃபிளேவின் என்ற வைட்டமினைத் தூண்டி, கந்தகச் சேர்மங்களை உண்டாக்கும். வேகவைத்த முட்டைக்கோஸ், நனைந்த கம்பளி போன்ற நாற்றம் அதனால்தான். நிறமற்ற கண்ணாடியில் வரும் வெள்ளை, ரோஸ் ஒயின்கள் மிக வேகமாகக் கெடும். லூயி ரோடரர் நிறுவனத்தின் கிரிஸ்டல் ஷாம்பெயின் தெளிந்த கண்ணாடியில் வருவதால், அதைச் சுற்றி நிறமுள்ள செலஃபேன் தாளைச் சுற்றியே விற்கிறார்கள். ஹாலில் விளக்கு போட்ட ஷோகேஸில் அழகுக்கு நிறுத்திவைப்பதைக் கைவிடுங்கள். செய்தித்தாளில் இரண்டு சுற்று சுற்றினாலே போதும்.

படுக்கவைக்கும்போது லேபிள் மேலே இருக்கட்டும். எந்த ஒயின் என்று பார்க்க உருட்ட வேண்டியிருக்காது. பழைய சிவப்பு ஒயினின் வண்டலும் லேபிளுக்கு எதிர்ப்பக்கமாகவே படியும். அந்தப் பாட்டிலைத் திறப்பதற்கு முந்தின நாளே நிற்கவைத்துவிட்டால் வண்டல் அடியில் தங்கிவிடும்.

ஏற்கெனவே பரணில் ஒரு கோடையைக் கழித்த பாட்டில் இருந்தால், எடுத்து வாய்ப்பக்கம் பாருங்கள். கார்க் விளிம்பைத் தாண்டித் துருத்துகிறதா, மேலுறையின் ஓரத்தில் பிசுபிசுப்பாகக் கறை வழிந்திருக்கிறதா, புதிய வெள்ளை ஒயின் பழுப்பேறியிருக்கிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஏதாவது இருந்தால் இனி வைத்திருந்து பயனில்லை. இந்த வாரமே திறந்து ருசி பாருங்கள்.