ஈவினிங் முடிந்து மறுநாள் மார்னிங்: டியூட்டி லிஸ்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வார்டு பொறுப்புக்குப் புதிதாக வரும் சிஸ்டர்கள் டியூட்டி லிஸ்ட் போடும்போது, ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஆள் இருக்கிறதா என்று கவனமாகப் பார்க்கிறார்கள். ஒரு ஷிப்டு முடிந்து அடுத்தது தொடங்க எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பது விட்டுப்போகிறது.

ஞாயிறு ஈவினிங், திங்கள் மார்னிங்

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தரும் தவறு இதுதான். லிஸ்ட் திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டமாகப் போடப்படுகிறது. பழைய தாள் சுவரில் ஒட்டியிருக்கும், புதியது மேஜையில் இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் பிழை இல்லை. இரண்டும் சேரும் இடத்தில்தான் ஒருத்தி மாட்டிக்கொள்கிறாள்.

மார்னிங் 7 முதல் 2, ஈவினிங் 2 முதல் 9, நைட் 9 முதல் காலை 7 என்று வைப்போம். ஈவினிங்குக்கும் மறுநாள் மார்னிங்குக்கும் நடுவில் தாளில் 10 மணி நேரம் இருக்கிறது. நாகர்கோவிலில் வேலை, கருங்கல் பக்கம் வீடு என்றால் அது எங்கே போகிறது? நைட் சிஸ்டரிடம் நோயாளிகளை ஒப்படைத்து, ரிப்போர்ட் எழுதி வெளியே வர 9.30 ஆகும். பஸ் பிடித்து வீடு சேர 10.45. குளித்து, சாப்பிட்டுப் படுக்க 11.45. காலை 5.30 பஸ்ஸுக்கு 4.30-க்கே எழ வேண்டும். தூக்கம் ஐந்து மணி நேரம்கூட இல்லை. அந்தக் கண்களோடுதான் காலையில் இன்சுலின் அளவை ஊசியில் எடுக்கிறாள்.

ஐரோப்பிய ஒன்றிய விதி 24 மணி நேரத்துக்குள் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வைக் கேட்கிறது. செவிலியர்களுக்கான 1977-ஆம் ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பரிந்துரை, ஷிப்டுகளுக்கு நடுவே 12 மணி நேரம் என்கிறது. 11-க்குக் கீழே இறங்கவே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் லிஸ்டில் உள்ள நேரத்திலிருந்து எண்ணாமல், அவள் உண்மையில் வெளியே வரும் நேரத்திலிருந்து எண்ணுங்கள்.

சரிசெய்வது எளிது. புதிய தாளின் இடது ஓரத்தில் போன ஞாயிறை எட்டாவது கட்டமாக எழுதுங்கள். திங்கள் கட்டத்தை முதலில் நிரப்புங்கள்: ஞாயிறு ஈவினிங் பார்த்தவர்களுக்கு ஈவினிங், நைட் அல்லது ஆஃப் மட்டும். சுழற்சியை மார்னிங், ஈவினிங், நைட் என்று முன்னோக்கியே கொண்டுபோங்கள். அப்படிப் போனால் ஒரு ஷிப்டிலிருந்து மறுநாள் அடுத்த ஷிப்டுக்கு மாறும்போது 24 மணி நேரம் கிடைக்கும்.

எக்செலில் போடுபவர்கள் ஒருவருக்கு ஒரு ஷீட் வைத்து, B-யில் ஷிப்டு தொடங்கும் தேதியும் நேரமும், C-யில் முடியும் தேதியும் நேரமும் எழுதினால் இடைவெளி மணிக் கணக்கில் வந்துவிடும்:

```
=(B3-C2)*24
```

11-க்குக் குறைந்தால் கட்டம் சிவப்பாகும்படி வையுங்கள்.

நைட் முடிகிற நாளை ஆஃப் என்று எழுதுவது

ஞாயிறு கட்டத்தில் எழுதிய நைட், திங்கள் காலை 7 மணிக்குத்தான் முடிகிறது. திங்கள் ஆஃப், செவ்வாய் மார்னிங் என்று போட்டால் அந்த ஆஃப் தூங்கியே தீர்ந்துவிடும். கடைசி நைட்டுக்குப் பிறகு இரண்டு கட்டம் காலியாக இருக்கட்டும்.

ஷிப்டு மாற்றிக்கொள்வது

இருவருக்கும் முன்னும் பின்னும் பாருங்கள், மொத்தம் நான்கு இடைவெளி. அதில் ஒன்று 11 மணி நேரத்துக்குக் குறைந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.