அடைப்புக்குறிக்குள் வரும் எண்ணெல்லாம் நட்டமல்ல

பாலக்காட்டை அடுத்த கொழிஞ்சாம்பாறையில் இருந்தபடி நிறுவன ஆண்டறிக்கைகளைத் தமிழாக்கும் நான், அடைப்புக்குறிக்குள் வரும் எண்ணை அடிக்குறிப்பைப் படிக்காமல் கழித்தல் குறியாக மாற்றுவதில்லை. லாப நட்டக் கணக்கின் இறுதி வரியில் (12.40) என்றால் நட்டம், பணப்பாய்வு அறிக்கையின் முதலீட்டுப் பகுதியில் அது வெளியே சென்ற பணம், புதிய இயந்திரம் வாங்கியதாகக்கூட இருக்கலாம். இவற்றைவிட ஏமாற்றுவது, தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனை அட்டவணை. அங்கே விற்பனை 18.60 என்பதன் கீழே (15.20) என்று இருந்ததை ஒருமுறை எதிர்மறைத் தொகையாக எழுதிவிட்டேன், அடைப்புக்குறிக்குள் உள்ளவை முந்தைய ஆண்டின் தொகைகள் என்ற குறிப்பு, அடியில் பொடி எழுத்தில் இருந்தது. சில அறிக்கைகளில் அந்தக் குறிப்புக்குப் பதிலாக, முந்தைய ஆண்டைக் குறிக்கும் ‘பி.ஒய்.’ என்ற ஆங்கிலச் சுருக்கம் மட்டுமே இருக்கும். ஐயம் எழுந்தால் முந்தைய ஆண்டறிக்கையின் அதே அட்டவணையைப் பாருங்கள், பொதுவாக 15.20 அங்கே அடைப்புக்குறியின்றி அவ்வாண்டின் தொகையாக நிற்கும்.