வெயிலில் வெளுத்த போன் வீடியோவை மீட்பது: ஒரு வெள்ளை வேட்டியை வைத்துப் பார்ப்போம்

தாத்தாவின் சதாபிஷேகத்தன்று நண்பகல் வெயிலில், வாசலில் வைத்து எடுத்த 20 விநாடி கிளிப் இது. வேட்டியில் ஒரு மடிப்புகூடத் தெரியவில்லை. பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர், அதுவும் ஒரே வெள்ளை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. ஆனால் வேட்டி திரும்பி வந்தது, சுவர் வரவில்லை. அந்த வித்தியாசத்தை முதலிலேயே கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் செய்து காட்டுகிறேன்.

முதலில் ஸ்கோப்பைத் திறங்கள்

கிளிப்பை டைம்லைனில் போட்டு Color பக்கத்துக்கு வாருங்கள். Workspace மெனுவில் Video Scopes என்பதை ஆன் செய்து, Waveform-ஐத் தேர்ந்தெடுங்கள். அந்த வரைபடத்தின் இடதுபுறம் படத்தின் இடதுபுறத்தையும், வலதுபுறம் வலதுபுறத்தையும் காட்டும். அடியில் 0 என்றால் முழுக் கறுப்பு, உச்சியில் 1023 என்றால் முழு வெள்ளை. என் கிளிப்பில் வேட்டியும் சுவரும் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தன.

உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்

Primaries பகுதியில் Gain சக்கரத்துக்கு அடியில் இருக்கும் உருளையை இடப்பக்கம் இழுத்து, 1.00-ஐ 0.70 ஆக்குங்கள். படம் இருண்டுபோகும், கவலை வேண்டாம், இது சோதனைக்கு மட்டும். இப்போது ஸ்கோப்பைப் பாருங்கள். சுவர் இருந்த இடத்தில் ஒரு தட்டையான கோடு அப்படியே 780-க்குப் பக்கத்தில் இறங்கி நின்றது. படத்தில் சுவர் சாம்பல் அட்டை மாதிரி ஆனது. அங்கே எந்த விவரமும் பதிவாகவில்லை, எந்த ஸ்லைடரும் அதைக் கொண்டுவராது. வேட்டி இருந்த இடத்திலோ கோடு பிரிந்து, மேலும் கீழுமாகப் பரவியது. மடிப்பும் கரையும் தெரிந்தன.

பல போன்கள் வீடியோவின் வழக்கமான வெள்ளை எல்லைக்கு மேலும் கொஞ்சம் வெளிச்சத்தைப் பதிந்து வைக்கின்றன. 8 பிட் கணக்கில் 235 தான் வெள்ளை, ஸ்கோப்பில் அதுதான் 1023. 236 முதல் 255 வரை உள்ள 20 படிகளில்தான் இந்த வேட்டி ஒளிந்திருந்தது. Gain-ஐக் குறைத்ததும் அது உள்ளே வந்துவிட்டது.

இப்போது சரிசெய்யுங்கள்

சோதனையை ரீசெட் செய்துவிட்டு, Gain-ஐ 0.90-ல் வையுங்கள். மொத்த எக்ஸ்போஷரை அதற்கு மேல் குறைத்தால் முகம் கறுத்துவிடும், மீதியை Highlights ஸ்லைடர் பார்த்துக்கொள்ளட்டும். அது வெளிச்சமான பகுதிகளை மட்டும்தான் கீழே இழுக்கும். -10, -20 என்று மெதுவாக இறக்குங்கள். -30-ல் வேட்டி மடிப்புகள் நன்றாகப் பிரிந்தன, நான் அங்கே நிறுத்தினேன். பிறகு Shadows-ஐ 15 அளவுக்கு ஏற்றினால் கண்களைச் சுற்றியிருந்த நிழல் தெளிந்தது.

இன்னும் இழுக்கத்தான் கை துடிக்கும். -60 வரை போய்ப் பார்த்தேன். வேட்டி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சுவர் அழுக்குச் சாம்பலாகிவிட்டது. விவரம் இல்லாத இடம் வெள்ளையாக இருந்தால் பார்ப்பவர் வெயில் என்று எடுத்துக்கொள்வார். சாம்பலாக இருந்தால் ஏதோ கோளாறு என்று கண் கண்டுபிடித்துவிடும். அதனால் செத்துப்போன பகுதியின் கோடு 920-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம். இருக்கும் 20 படிகளை அதிகமாக நீட்டினால் துணியிலும் வானத்திலும் பட்டை பட்டையாகக் கோடுகள் வரும். முழுத்திரையில் ஓட விட்டுப் பார்த்தால்தான் அது தெரியும். தெரிந்தால் Highlights-ஐக் கொஞ்சம் திரும்ப ஏற்றுங்கள்.

நெற்றியில் மஞ்சள் திட்டு

வெயில் பட்ட நெற்றியில் சில சமயம் ஒரு மஞ்சள் திட்டு தோன்றும். ஸ்கோப்பை Parade-க்கு மாற்றினால் காரணம் தெரியும்: சிவப்பு மட்டும் உச்சியில் வெட்டுப்பட்டிருக்கும், பச்சையும் நீலமும் கீழே நலமாக இருக்கும். சிவப்பில் இழந்ததை மீட்க முடியாது, ஆனால் மறைக்கலாம். Curves-ல் Lum Vs Sat-ஐத் திறந்து, கோடு முழுவதும் சாயாமல் இருக்க வலது ஓரத்துக்குச் சற்று முன்னால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, வலது ஓரப் புள்ளியை மட்டும் கீழே இறக்குங்கள். மிக வெளிச்சமான இடத்தில் மட்டும் நிறம் வடிந்து, திட்டு தோலோடு கலந்துவிடும்.

ஐபோன் 12 அல்லது அதற்குப் பின் வந்தது வைத்திருப்பவர்கள், இதையெல்லாம் தொடங்கும் முன் கிளிப் எச்டிஆரில் எடுக்கப்பட்டதா என்று பாருங்கள். சாதாரண டைம்லைனில் அதை அப்படியே போட்டால் விவரம் எல்லாம் இருந்தும் வெளுத்த மாதிரி தெரியலாம். அதற்கு Gain மருந்தல்ல. Color Space Transform எஃபெக்டைப் போட்டு, உள்ளே வருவது Rec.2020, Rec.2100 HLG என்றும், வெளியே போவது Rec.709 என்றும் கொடுங்கள். அதன் பிறகும் உச்சியில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும், அதற்கு முந்தைய நோடில் Gain-ஐத் தொடுங்கள்.

கடைசியாக Shift+D அழுத்தி, முன்னும் பின்னும் மாற்றிப் பாருங்கள். நான் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது வேட்டியின் மயில்கண் கரை.