பிரிந்த பின் பிள்ளையின் பிறப்புச் சான்றிலும் பள்ளிப் பதிவிலும் தாயின் பெயரைச் சரிசெய்வது எப்படி?

கோர்ட்டில் விவாகரத்துத் தீர்ப்பு வாங்கிக்கொண்டு வரும் பெண்கள் பலர் முதலில் கேட்பது, "பர்த் சர்ட்டிபிகேட்ல இருந்து அவர் பேரை எடுத்துரலாமா?" என்பதுதான். எடுக்க முடியாது. பிள்ளை பிறந்த அன்று பெற்றோர் யார் என்பதைத்தான் பிறப்புப் பதிவேடு சொல்கிறது. விவாகரத்து அதை மாற்றுவதில்லை. மறுமணம் செய்தாலும் அப்படித்தான். புதுக் கணவர் சட்டப்படி தத்தெடுத்தால் ஒழிய அவர் பெயர் தந்தை இடத்தில் ஏறாது.

2018இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, திருச்சியில் பதிவான ஒரு பிறப்புச் சான்றில் தந்தை பெயரை நீக்கச் சொன்னது உண்மை. ஆனால் அங்கே தந்தை என்று எழுதப்பட்டவர் தந்தையே அல்ல. அது செயற்கைக் கருத்தரிப்பில் பிறந்த குழந்தை.

சரி, எதைச் செய்ய முடியும்? ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் பிறந்த பெண் குழந்தை, இப்போது நான்காம் வகுப்பு. தாயும் மகளும் அம்பாசமுத்திரத்தில் ஆச்சி வீட்டோடு இருக்கிறார்கள். பிறப்புச் சான்றில் தாயின் பெயர் 'சுப்பம்மாள்', ஆதாரிலோ 'சுப்புலட்சுமி'. பிரசவத்தின்போது யாரோ வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் இது சர்வசாதாரணம். பள்ளிப் பதிவிலோ தாய் பெயரே இல்லை. சேர்த்தது அப்பா.

முதலில் பிறப்புச் சான்று. பள்ளி அதைப் பார்த்துத்தான் தன் பதிவைத் திருத்தும் என்பதால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். crstn.org தளத்தில் இருந்து சான்றைத் தரவிறக்கி, பதிவு எண்ணையும் பதிவு செய்த அலுவலகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் குடியிருக்கும் ஊர் இங்கே கணக்கில்லை. பிறந்த இடத்தின் பதிவாளரிடம்தான் போக வேண்டும். அம்பாசமுத்திரத்தில் எத்தனை நாள் அலைந்தாலும் இந்தத் திருத்தம் நடக்காது.

அடுத்து விண்ணப்பம். ஓர் எழுத்து மாறியிருந்தால் அது எழுத்துப் பிழை, பதிவாளரே திருத்துவார். சுப்பம்மாள், சுப்புலட்சுமி ஆவது அப்படியல்ல. இரண்டும் ஒரே ஆள்தான் என்று, விவரம் தெரிந்த நம்பத்தகுந்த இருவர் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். ஆச்சியும், பிரசவத்தின்போது கூட இருந்த சித்தியும் போதும். தாயின் ஆதார், பள்ளிச் சான்று, திருமணப் பதிவு நகல் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். பழைய பெயரை அழிக்க மாட்டார்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, ஓரத்தில் திருத்தம் எழுதி, கையெழுத்தும் தேதியும் போடுவார்கள்.

"அப்பா கையெழுத்து இல்லாம ஆகாதும்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது. 2023 திருத்தத்துக்குப் பிறகு, பதிவாளரின் முடிவை எதிர்த்து 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முறையிடலாம்.

இனிப் பள்ளி. திருத்திய சான்றின் நகலோடு தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் கொடுங்கள். இரண்டு இடங்களில் திருத்த வேண்டும்: சேர்க்கைப் பதிவேடு, பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவான EMIS. பதிவேட்டை மட்டும் திருத்திவிட்டு EMIS-ஐ மறந்துவிடுவது அடிக்கடி நடக்கும். அப்படி விட்டால் பிள்ளை வேறு பள்ளிக்கு மாறும்போது மாற்றுச் சான்றிதழில் பழைய விவரமே வந்து நிற்கும். திருத்திய பின் திரையில் காட்டச் சொல்லி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனிஷியல் தனிக் கதை. தாயின் பெயரின் முதலெழுத்தைப் பிள்ளைக்கு இனிஷியலாக வைக்கத் தடையில்லை. பிறப்புச் சான்றில் பிள்ளையின் பெயர் இனிஷியல் இல்லாமல் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். பள்ளியிலும் ஆதாரிலும் மாற்றினால் போதும். சில பள்ளிகள் விண்ணப்பத்தோடு ஏற்றுக்கொள்ளும். சில பள்ளிகள் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டுக் கொண்டுவரச் சொல்லும். செலவும் நாளும் பிடித்தாலும் என் கணக்கில் அரசிதழே நல்லது, பிறகு பாஸ்போர்ட் வரைக்கும் அந்த ஒரு தாள் பேசும். எதுவானாலும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போவதற்கு முன் முடித்துவிடுங்கள். மதிப்பெண் சான்று அச்சாகிவிட்டால் விஷயம் தலைமையாசிரியர் கையை விட்டு அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போய்விடும்.

பிரிந்து வாழ்ந்தாலும் விவாகரத்து இன்னும் ஆகவில்லை என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தந்தை உயிரோடு இருந்தாலும், பிள்ளையைக் கவனிக்காமல் விட்டிருந்தால் தாயே இயற்கைப் பாதுகாவலராகச் செயல்படலாம் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் இந்துக் குடும்பச் சட்டத்தைப் பற்றிய வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் தந்தை பிள்ளையைப் பார்க்க வந்துபோகிறார், இனிஷியல் மாற்றத்துக்கு ஒத்துக்கொள்ளவும் இல்லை என்றால், பள்ளியோடு மல்லுக்கட்டாமல் நீதிமன்ற உத்தரவு வாங்குவதுதான் வழி. வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.