செயற்கைக்கோள் படத்தில் நகர வளர்ச்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேகம் மறைத்த படத்தை எடுக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். புதியவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்குவது வேறு இடங்களில்.

மழைக்காலப் படத்தையும் கோடைப் படத்தையும் ஒப்பிடுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது. புதிதாகச் சேர்ந்த ஒருவர், ஐந்தாண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை வைத்து ஒரு வரைபடம் போட்டு வந்தார். நகரின் விளிம்பெங்கும் சிவப்பு. கட்டட நிலம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது என்றார். நான் முதலில் பார்த்தது ஆற்றை. பழைய படத்தில் கரை முட்ட நீர். புதியதில் நடுவே ஒரு கோடாக நீர், இருபுறமும் வெளுத்த மணல். அந்த மணலும் சிவப்பாகவே குறிக்கப்பட்டிருந்தது!

அவர் கட்டடங்களைப் பிரித்தது NDBI என்ற கட்டட நிலக் குறியீட்டை வைத்து. அதோடு பசுமையைக் காட்டும் NDVI குறியீட்டையும் தருகிறேன், பின்னால் உதவும்:

```
NDBI = (B11 - B8) / (B11 + B8)
NDVI = (B8 - B4) / (B8 + B4)
```

படத்தின் அலைப்பட்டைகளில் B8 அண்மை அகச்சிவப்பு, B11 குறுஅலை அகச்சிவப்பு, B4 சிவப்பு. பச்சை இலை B8-ஐ நிறையத் திருப்பி அனுப்பும். இலையிலுள்ள நீர் B11-ஐ உறிஞ்சிவிடும். அதனால் பயிர் நிற்கும்போது NDBI எதிர்மதிப்பில் இருக்கும். அறுவடை முடிந்து மண் காய்ந்துவிட்டால் கதை மாறும். B8 0.30, B11 0.36 என்று வைத்துக்கொண்டால் NDBI 0.09. கான்கிரீட் கூரைக்கும் கிட்டத்தட்ட இதே எண் வரலாம். ஒரே நாள் படத்தில் இரண்டையும் பிரிக்க இந்தக் குறியீட்டால் முடியாது.

சரி, என்ன செய்வது? ஓராண்டின் மேகமில்லாத படங்களையெல்லாம் எடுத்து, ஒவ்வொரு பிக்சலுக்கும் அந்த ஆண்டின் உச்ச NDVI-ஐக் கண்டுபிடியுங்கள். பயிரிடும் வயல் ஏதாவது ஒரு மாதத்தில் 0.6-ஐத் தாண்டிவிடும். கூரையும் தார்ச்சாலையும் ஆண்டு முழுக்கத் தாழ்ந்தே கிடக்கும். ஆற்றுமணலும் பல ஆண்டுத் தரிசும் இதிலும் ஏமாற்றும். அவற்றைத் துல்லியமான படத்தில் பெரிதாக்கி, கட்டடத்தின் நிழல் விழுகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டியதுதான். வீடுகளுக்கு நடுவே மரம் அடர்ந்த தெருக்கள் நேர்மாறாக, வயல்போலக் காட்டும்.

அவரும் இரண்டு ஆண்டுகளுக்கும் அப்படியே செய்து பார்த்தார். சிவப்பில் பெரும்பகுதி மறைந்தது. மிஞ்சியவை நெடுஞ்சாலையின் இருபுறமும் நீண்ட பட்டைகளும், புதுப் பாலத்தைத் தாண்டி அக்கரையில் ஒரு திட்டும். உண்மையில் நகரம் வளர்ந்திருந்தது அங்கேதான். சும்மா விட்டிருந்தால் பொய்ச் சிவப்பில் அது கண்ணுக்கே பட்டிருக்காது.

சாலைக் கட்டத்தைக் குடியிருப்பு என்று எண்ணுவது

மனைப்பிரிவில் முதலில் வருவது சாலைதான். கட்டம் கட்டமாகத் தெரியும் இடம் பல ஆண்டுகள் காலியாகவே கிடக்கலாம். கோடுகளை விட்டுவிட்டு, எத்தனை கட்டத்துக்குள் கூரை இருக்கிறது என்று எண்ணுங்கள்.

பச்சையெல்லாம் பூங்கா

இல்லை. ஆகாயத்தாமரை மூடிய ஏரியும் பச்சைதான்.

பரப்பு கூடவில்லை என்பதால் வளர்ச்சி இல்லை என்பது

மாடி மேல் மாடி எழுந்தாலும் மேலிருந்து பார்த்தால் அதே கூரைதான். நிழலின் நீளத்தை அளந்து பாருங்கள், இரண்டு படங்களிலும் சூரிய உயரம் ஒன்றாக இருந்தால் மட்டும்.