சேர் கார் சீட் எண்: திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

வந்தே பாரத்தில் ஏறும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர், "64ன்னா முன்னாடி பார்த்து உட்கார்ற சீட்தானே, போன தடவை அப்படித்தானே இருந்துச்சு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொண்டிருப்பார். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது இது.

ஐந்தின் மடங்கை ஜன்னல் என்று நினைப்பது

ஒரு வரிசைக்கு மூன்று, நடைபாதை, இரண்டு என ஐந்து சீட். அதனால் 5, 10, 15 எல்லாம் ஜன்னல் என்று கணக்குப் போடுகிறார்கள். 78 சீட் பெட்டியை ஐந்தால் வகுத்தால் மூன்று மிஞ்சும். வழக்கமாக அந்த மூன்று சீட் வரிசைதான் முதலில் வரும். அதற்கடுத்த வரிசை 4 முதல் 8, அப்புறம் 9 முதல் 13. ஆக ஜன்னல் சீட்கள் 4, 8, 9, 13 என்று போகும். சந்தேகம் இருந்தால் டிக்கெட்டில் ஜன்னலைக் குறிக்கும் WS இருக்கிறதா என்று பாருங்கள், அது போதும்.

எண்ணை வைத்தே திசையை முடிவு செய்வது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். சேர் காரில் பாதி சீட்கள் ஒரு பக்கம், மீதி எதிர்ப்பக்கம் பார்த்திருக்கும். இரண்டும் நடுவில் ஒரு மேசையில் சந்திக்கும், ஏறக்குறைய நாற்பதாம் எண்ணை ஒட்டி. எல்லாரும் பெட்டியின் நடுவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் வண்டி ஓடும்போது முன்னால் போகும் பாதியில் இருப்பவர்கள் பின்னோக்கியும், பின்பாதியில் இருப்பவர்கள் முன்னோக்கியும் பார்ப்பார்கள். 1ஆம் எண் முனை முன்னால் போனால் 64 நல்ல சீட். 78ஆம் எண் முனை முன்னால் போனால் அதே 64இல் முதுகைக் காட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

சென்னையிலிருந்து திருநெல்வேலி போன வண்டி திரும்பி வரும்போது பெட்டியை யாரும் திருப்புவதில்லை, மறுமுனை ஓட்டுநர் அறையிலிருந்து ஓட்டிக்கொண்டு வருகிறார்கள், அவ்வளவுதான். பின்னோக்கி உட்கார்ந்தால் தலைசுற்றும் அம்மாவுக்காக, போகும்போது சரியாக அமைந்த பெரிய எண்ணையே திரும்பும்போதும் யாரிடமோ கெஞ்சி மாற்றி வாங்கிய ஒரு மகனைப் பார்த்தேன். விழுப்புரம் வரைக்கும் அந்த அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை. திரும்பும்போது அவருக்கு 24 போன்ற சின்ன எண்தான் வேண்டியிருந்தது.

இன்ஜின் இழுக்கும் சாதாரண வண்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாகக் கோக்கப்படுவதால் C1இல் 1ஆம் முனை முன்னாலும் C2இல் பின்னாலும் இருக்கலாம். பக்கத்துப் பெட்டியில் பயணித்த நண்பர் சொன்னதை நம்பாதீர்கள்.

ஜன்னல் சீட் என்றால் ஜன்னல் இருக்கும் என்று நம்புவது

சீட் வரிசையும் ஜன்னலும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. சில WS சீட்டுக்குத் தூண்தான் காட்சி.

எக்ஸிகியூட்டிவ் வகுப்பிலும் திசையைப் பற்றிக் கவலைப்படுவது

வந்தே பாரத்தில் வேண்டாம், சீட் சுழலும்.

எண்ணைத் தேர்ந்தெடுக்க முடியும் என்று நினைப்பது

ஐஆர்சிடிசியில் ஜன்னல் பக்கம் வேண்டும் என்று கேட்கலாம், திசையைக் கேட்க வழியில்லை. ஏறியதும் லக்கேஜை மேலே வைப்பதற்கு முன், எந்த முனையில் 1 இருக்கிறது, வண்டி எந்தப் பக்கம் கிளம்பும் என்று பாருங்கள். உங்களுக்குப் பின்னோக்கிய சீட் விழுந்திருந்தால் மேசைக்கு அந்தப் பக்கம் போய், திசையைப் பற்றிக் கவலைப்படாத ஒருவரிடம் வண்டி நகர்வதற்கு முன்பே கேளுங்கள். கிளம்பி, அவர் செருப்பைக் கழற்றிச் சாய்ந்துவிட்டால் எழ மனசு வராது.